வீட்டை மறைக்காத வேம்பு

கட்டப்போகும் மாடி வீட்டின் கணினிப் படத்தில் கண் முதலில் மரத்துக்குப் போனால், அந்தப் படம் தோற்றுவிட்டது. ஏழு மீட்டர் உயர வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரை சமமாக இருந்தால், நிற்கும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அவர்கள் கண்கள் தொடுவானக் கோட்டை ஒட்டியே வரும். யாராவது அதற்கு மேலே எழும்பினால் ராட்சதராகிவிடுவார்.

பெரிய வேம்பை வீட்டுக்குப் பின்னால் வைத்தால் கூரையின் விளிம்பு தெளிவாகத் தெரியும். முன்பக்கம் முழு மரம் வேண்டாம். ஓரத்தில் ஒரு கிளை, சுவரில் அதன் நிழல், அவ்வளவே. ஒரே மாதிரியை நகலெடுத்தால் திருப்பி, அளவை லேசாக மாற்றுங்கள். தயார் மாதிரிகளின் பச்சை பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும், அதை மங்கச்செய்யுங்கள். செடிகளுக்கு ஒரே வேலை: சுவரும் தரையும் சேரும் கோட்டை அங்கங்கே உடைப்பது.

மனிதர்கள் இரண்டு மூன்று பேர் போதும், வாசலை நோக்கி நடப்பவர்களாக. சிவப்புப் புடவை வேண்டவே வேண்டாம். அவர்களைத் தனிப் படமாக ஒட்டினால், நிழல் வீட்டின் நிழல் விழும் பக்கமே விழுகிறதா, பாதத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆள் காற்றில் மிதப்பார்.