துருக்கிச் சொல்லுக்குள் ஓடும் கோடுகள்

துருக்கி மொழியில் வீட்டுக்கு 'எவ்', வீடுகளுக்கு 'எவ்லெர்'. கை 'கொல்', கைகள் 'கொல்லர்'. பன்மை விகுதி ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் 'லெர்' என்றும் இன்னோரிடத்தில் 'லர்' என்றும் வருகிறது. எது வரவேண்டும் என்பதை வேர்ச்சொல்லின் உயிரொலி முடிவு செய்கிறது. எ, இ சொல்லும்போது நாக்கு முன்னே போகும். அ, ஒ, உ சொல்லும்போது பின்வாங்கும். துருக்கியின் எட்டு உயிர்களில் நான்கு முன்னுயிர், நான்கு பின்னுயிர். வேரில் எந்த அணியின் உயிர் இருக்கிறதோ, ஒட்டும் விகுதிகளும் அந்த அணிக்கே மாறிவிடும். இதற்கு உயிரொலி இசைவு என்று பெயர்.

'எங்கள் வீடுகளில்' என்பதற்கு ஒரே சொல்: எவ்லெரிமிஸ்தெ. 'எங்கள் பள்ளிகளில்' என்றால் ஒகுல்லருமுஸ்த. இதில் 'ருமு' என்பதிலுள்ள இரண்டு உகரங்களையும் உதடு குவிக்காமல், நம் குற்றியலுகரம்போலச் சொல்லவேண்டும். 'கள்', 'எங்கள்', 'இல்' ஆகிய மூன்றுக்கும் உரிய விகுதிகள் மூன்றும் வேருக்கேற்ப மாறியிருக்கின்றன. தெலுங்கிலும் இசைவு உண்டு. அங்கே 'புலி' பன்மையில் 'புலுலு' ஆகும்; விகுதியின் உகரம் வேருக்குள் போய் இகரத்தை மாற்றுகிறது. துருக்கியில் ஓட்டம் வேரிலிருந்து விகுதியை நோக்கி.

இதைப் பழைய முறையில் விளக்குவது எளிது. ஒவ்வொரு விகுதியும் தனக்கு முந்தைய உயிரைப் பார்த்து நகலெடுத்துக்கொள்கிறது என்று ஒரு விதி எழுதினால் போதும். ஆனால் 1976இல் ஜான் கோல்ட்ஸ்மித் எம்.ஐ.டி.யில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு வேறு வழி காட்டியது. அவர் பார்த்தது ஏற்ற இறக்கச் சுருதியால் பொருள் மாறும் ஆப்பிரிக்க மொழிகளை. அவற்றில் ஓர் உயிர் மறைந்தாலும் அதன் சுருதி மறையாமல் பக்கத்து உயிரில் போய் உட்காரும். அப்படியானால் சுருதி உயிரின் உள்ளே அடைபட்ட குணமல்ல. தனி வரிசையில் இருந்துகொண்டு கோட்டினால் உயிரோடு இணைந்திருக்கிறது. இதுதான் ஆட்டோசெக்மெண்டல் பகுப்பாய்வு. ஜார்ஜ் கிளெமென்ட்ஸ் இதை உயிரொலி இசைவுக்கும் கொண்டுவந்தார். 1982இல் எங்கின் செசெருடன் சேர்ந்து துருக்கி மொழியை இந்த முறையில் ஆராய்ந்தார்.

இதன்படி எவ்லெரிமிஸ்தெ என்பதில் 'முன்' என்ற பண்பு நான்கைந்து முறை எழுதப்படுவதில்லை. மேல்வரிசையில் ஒரே ஒரு 'முன்' இருக்கிறது. வேரின் எகரத்தோடு முதலில் இணைந்த அது, சொந்தமாக முன், பின் எதுவுமில்லாத விகுதி உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் கோடு நீட்டுகிறது. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது.

அந்தக் கட்டுப்பாடு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க, 'வருகிறார்கள்' என்பதைச் சொல்லும் 'கெலியொர்லர்' போதும். வேர் 'கெல்', முன்னுயிர். ஆனால் நிகழ்கால விகுதியின் 'யொர்' எந்த வேரோடு சேர்ந்தாலும் ஒகரத்தை விடாது. அதற்குச் சொந்தமாகவே ஒரு 'பின்' இணைந்திருக்கிறது. வேரின் 'முன்' அதைத் தாண்டிக் கோடு நீட்டினால் வெட்டும். ஆகவே கடைசி விகுதிக்கு 'யொர்' தன் 'பின்' பண்பையே தருகிறது. 'லெர்' வராமல் 'லர்' வருகிறது. ஆனால் பழைய நகல் விதியும் இதைச் சமாளித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

அந்த விதி திணறுவது 'ரொல்' என்ற சொல்லில். நடிகர் ஏற்கும் வேடம் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒகரம் பின்னுயிர், 'கொல்' கொல்லர் ஆவதுபோல இதுவும் ரொல்லர் ஆகவேண்டும். ஆனால் துருக்கியர் சொல்வது 'ரொல்லெர்'. முந்தைய உயிரை மட்டும் பார்க்கும் விதிக்கு இது புரியாது. காது கொடுத்துக் கேட்டால் காரணம் தெரியும்: இரண்டு லகரமும் ஒன்றல்ல. 'கொல்'லில் நாக்கின் பின்பகுதி உயர்ந்து லகரம் கனமாக ஒலிக்கிறது; 'ரொல்'லில் நாக்கு முன்னே போய் மெலிதாக ஒலிக்கிறது. அந்த மெல்லிய லகரத்துக்கே சொந்தமாக ஒரு 'முன்' இருக்கிறது. மேல்வரிசைக்கு உயிர் மெய் என்ற பேதம் கிடையாது. கடைசியாக இணைந்த பண்பு எதுவோ அது விகுதிக்குப் பரவுகிறது.

இந்த முறையின் ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. ஹங்கேரிய மொழியில் தண்ணீர் 'வீஸ்', பாலம் 'ஹீத்'. இரண்டிலும் ஒரே ஈகாரம்தான். ஆனால் பன்மையில் ஒன்று 'விஸெக்', மற்றது 'ஹிதக்'. பாலத்தின் வேரில் பின்னுயிர் எதுவும் காதில் விழவில்லை. ஆய்வாளர்கள் அங்கே எந்த ஒலியோடும் இணையாமல் மிதக்கும் ஒரு 'பின்' இருப்பதாகவும், விகுதி வந்ததும் அது போய் ஒட்டிக்கொள்வதாகவும் கூறினார்கள். காதில் விழாத ஒன்றை வேண்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதைத்தான் விளக்க முடியாது என்ற கேள்வி நியாயமானது. பதிலுக்கு ஒரு சோதனை உண்டு. மிதக்கும் பண்பு வேரின் சொத்து என்றால், பன்மையில் மட்டுமல்ல, எல்லா விகுதியிலும் அது தெரியவேண்டும். தெரிகிறது: நம் 'கு' உருபுபோன்றதைச் சேர்த்தால் 'ஹீத்னக்', 'வீஸ்னெக்' என்றுதான் வருகின்றன. ஆனால் புதிதாக நுழைந்த 'ஃபில்ம்' பன்மையில் 'ஃபில்மெக்' ஆகிறது. இகரம் மட்டுமே கொண்ட புதுச்சொற்கள் பொதுவாக 'ஹீத்' போகும் வழிக்குப் போவதில்லை.