காதால் பார்க்கும் புரூஃப்

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர்க் கண்மாயில் நீர்க்கட்டியாக இருந்த தன் பெரியப்பாவைப் பேசவைத்து, நாற்பது நிமிடம் செல்பேசியில் பதிவு செய்திருக்கிறார். விஸ்பர் என்ற மென்பொருள் சில நிமிடங்களில் அதை எழுத்தாக்கித் தந்துவிட்டது. "படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியப்பா இப்படிப் பேசினாரா என்று சந்தேகம். சீக்கிரம் சரிபார்க்க வழி உண்டா?" என்று கேட்கிறார். ஒலியையும் எழுத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்.

இளவயதில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். கையால் கோத்த அச்சில் பிழை கண்ணை உறுத்தும். எழுத்து தலைகீழாக நிற்கும், இல்லையென்றால் கொம்பு விழுந்திருக்கும். இயந்திரம் செய்யும் பிழை அப்படி அல்ல. அது தப்பான சொல்லைச் சரியான எழுத்துகளில் எழுதும். கண் அதில் இடறாது. அதனால் இந்தப் புரூஃபைக் காதால் பார்க்க வேண்டும்.

வாசகியின் பதிவில் பன்னிரண்டாவது நிமிடத்தில் இந்த வரி இருந்தது: "அம்பத்தஞ்சுல கிழங்கு போகலாம், மழைய ஒரு நாள்தான் தொறந்தோம்." வேகத்தைக் குறைத்துக் கேட்டால் பெரியவர் சொல்வது இது: "அறுவத்தஞ்சுல கலுங்கு போகல, மடைய ஒரு நாள்தான் தொறந்தோம்." கண்மாய் நிரம்பினால் மிகைநீர் வழியும் இடம் கலுங்கு. அந்த ஆண்டு கண்மாய் நிரம்பவில்லை, பாசனத்துக்கு ஒரே ஒரு நாள்தான் தண்ணீர் விட்டோம் என்கிறார். ஒரு வறட்சியின் சாட்சியம் அது. இயந்திரத்தின் கையில் ஆண்டு மாறி, கலுங்கு கிழங்காகி, மடை மழையாகி, 'போகவில்லை' என்பது 'போகலாம்' ஆகிவிட்டது.

மெதுவாக ஓடவிட்டால் வேலை எப்படி விரைவாகும் என்று கேட்கலாம். நாற்பது நிமிடப் பதிவை இயல்பான வேகத்தில் ஓடவிட்டு, இருநூறு இடத்தில் நிறுத்திப் பின்னே போய்த் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிறுத்தத்துக்குப் பத்து விநாடி என்றால் முப்பத்து மூன்று நிமிடம் கூடும். மொத்தம் எழுபத்து மூன்று. 0.8 வேகத்தில் ஓடவிட்டால் பதிவு ஐம்பது நிமிடம் ஆகும். ஆனால் சின்னத் திருத்தங்களை ஓட்டத்திலேயே செய்துவிடலாம். நிறுத்த வேண்டியவை எண்பது இடம் என்றால் கூடுவது பதின்மூன்று நிமிடம். மொத்தம் அறுபத்து மூன்று. நேரத்தைத் தின்பது நிறுத்தமே.

தமிழுக்கு இதில் தனி லாபம் உண்டு. பாடு, பாட்டு என்ற இரண்டையும் பிரிப்பது வல்லினத்துக்கு முன் நாக்கு தடுத்து நிற்கும் நேரம். மெதுவாக்கும்போது அந்த நேரமும் நீளும், காதுக்குப் பிடிபடும். ஆனால் 0.6-க்குக் கீழே போக வேண்டாம். குரலின் சுருதி மாறாமல் இருக்க மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி நீட்டுகிறது. அளவு மீறினால் ஒட்டு தெரியும். வல்லினத்தின் வெடிப்பு மழுங்கிவிடும். தெளிவாகப் பேசும் இடத்தில் இயல்பான வேகம், பொக்கைவாய்ப் பேச்சுக்கு 0.7 என்று மாற்றிக்கொண்டே போங்கள்.

இந்த மாற்றத்துக்கு மவுஸைத் தேடக்கூடாது. oTranscribe என்ற இலவசத் தளத்தில் ஒலியும் எழுத்தும் ஒரே பக்கத்தில் நிற்கும். ஒலிக்கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. நிறுத்தவும் ஓட்டவும் `Esc`. பின்னே போக `F1`, முன்னே போக `F2`. வேகம் குறைக்க `F3`, கூட்ட `F4`. நேரக்குறி இட `Ctrl+J`. VLC-யில் வேகத்துக்கு `[`, `]` உண்டு. ஆனால் தமிழ்99 விசைப்பலகையில் அதே விசைகள் 'ச', 'ஞ' என்ற எழுத்துகள். தட்டெழுதிக்கொண்டே பயன்படுத்த முடியாது. தமிழில் திருத்துவோருக்கு மேல்வரிசை விசைகளே தோது. மடிக்கணினி சிலவற்றில் கூடவே `Fn` அழுத்த வேண்டியிருக்கும்.

எல்லாப் பிழையையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்க முயன்றால் பாதி தப்பும். பிழை வகைகளைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் தாளில் நான்கு வரி இருக்கிறது. எண்: ஆண்டு, ஏக்கர், ரூபாய் எது வந்தாலும் திரும்பக் கேட்கவும். எதிர்மறை: 'போகல', 'கெடைக்காது' போன்றவற்றில் வாக்கியத்தின் உயிர் கடைசி ஓசையில்தான் இருக்கிறது. பேச்சு தேய்வதும் அங்கேதான். பெயரும் தொழிற்சொல்லும்: மடை, கலுங்கு, குமிழி, ஊர்ப்பெயர், ஆட்பெயர். இவற்றுக்குத் தொடங்குமுன்பே பேசியவரிடம் கேட்டு ஒரு பட்டியல் எடுத்துவிட வேண்டும். நான்காவது வரி, மௌனம்.

இந்த நான்காவதுதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. விஸ்பர் வெறும் ஓசையை மட்டும் எழுதுவதில்லை. முன்னே எழுதிய சொற்களைப் பார்த்து அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்றும் கணிக்கிறது. ஒலியை முப்பது முப்பது விநாடியாக எடுத்துக்கொள்கிறது. அந்த முப்பதில் ஆள் பேசாமல் இருந்தால், ஒன்றும் எழுதாமல் விடுவதற்குப் பதில் யாரும் சொல்லாத வாக்கியத்தைச் சில சமயம் எழுதிவிடுகிறது. இல்லையென்றால் முந்தைய வரியையே திரும்பத் திரும்ப அடுக்குகிறது. 2024-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று இதைச் சோதித்தது. சுமார் நூற்றில் ஒரு ஒலித்துண்டில் இப்படிப் புனைந்த சொற்கள் இருந்தன. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைபட்டவர்களின் பதிவுகளில் அது கூடுதல். அவர்கள் பேச்சில் இடைவெளி அதிகம் என்பதை ஒரு காரணமாகக் கருதினார்கள்.

முதியவர்களும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்கள். வாசகியின் பெரியப்பா இறந்துபோன தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு இருபது விநாடி பேசாமல் இருக்கிறார். மின்விசிறி ஓசை மட்டும் கேட்கிறது. எழுத்திலோ அந்த இடத்தில் "அதனால எல்லாரும் நல்லா இருந்தோம்" என்று ஒரு வரி! கண்டுபிடிக்கும் வழி எளிது. பதிவை ஆடாசிட்டி என்ற மென்பொருளில் திறந்தால் ஒலி அலை மேடு பள்ளமாகத் தெரியும். அலை கோடுபோல் படுத்திருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வரி ஏதும் இருந்தால் அடித்துவிட்டு [மௌனம், 20 விநாடி] என்று எழுதுங்கள். அந்த மௌனமும் அவர் சொன்னதுதான்.

ஊர் ஊராக இப்போது முதியவர்களைப் பதிவு செய்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் இயந்திரம் தந்ததை ஒருமுறைகூடக் கேட்காமல் மலரிலும் ஆய்வேட்டிலும் சேர்ப்பதைப் பார்க்கிறேன். பேசியவர் போன பிறகு அந்த எழுத்தை மறுக்க ஆள் இருக்க மாட்டார். இன்னொரு கூட்டம் 'தொறந்தோம்' என்பதைத் 'திறந்தோம்' என்று திருத்தி மெருகேற்றுகிறது. அதுவும் அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்குவதுதான்.

வாசகிக்கு நான் எழுதிய பதில் இவ்வளவுதான். இயந்திரப் படியைத் தொடாமல் ஒரு நகல் வைத்துக்கொண்டு, இன்னொன்றில் திருத்துங்கள். மூன்று முறை கேட்டும் பிடிபடாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் [தெளிவில்லை 12:40] என்று நேரத்தோடு குறியுங்கள். பிறகு பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடங்களை மட்டும் போட்டுக் காட்டிக் கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.