நூல் பாக்கிக்குத் தவணை கேட்கும்போது

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பணமுடை வந்த வாரத்திலும் அன்று மாலை தையல்காரருக்கும் செக்கிங் பெண்களுக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். வங்கித் தவணை கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் சிறிய பனியன் யூனிட்டுகளில் முதலில் தள்ளிப்போவது நூல் பாக்கிதான். மில் தொலைவில் இருக்கிறது, மில்காரர் நேரில் வந்து நிற்பதில்லை. டியூ தேதி தாண்டுகிறது, ஏஜென்ட்டின் போனை எடுக்கச் சங்கடமாகிறது, இரண்டு வாரம் அப்படியே ஓடுகிறது. மூன்றாவது வாரம் புது நூல் கேட்டால் லோடு ஏறுவதில்லை. நூல் வராத யூனிட்டில் ஆர்டர் நிற்கும், ஆர்டர் நின்றால் பாக்கியை அடைக்கவும் வழி இருக்காது.

டியூ தேதிக்கு முன்பே கேட்டிருந்தால் பெரும்பாலான மில்கள் அவகாசம் தருகின்றன. ஆனால் "கொஞ்சம் டைம் கொடுங்க அண்ணா" என்பதை வைத்துக்கொண்டு மில்காரரால் எதுவும் செய்ய முடியாது. அவருக்குத் தேவை தேதியும் தொகையும்தான். அதை எப்படிக் கணக்குப் போடுவது என்பதை ஓர் உதாரண யூனிட்டை வைத்துப் பார்ப்போம்.

அந்த யூனிட் ஏப்ரல் 10, 20, 30 ஆகிய தேதிகளில் ஒரே மில்லிடம் வரி உட்பட தலா 6 லட்சம் ரூபாய்க்கு நூல் வாங்கியிருக்கிறது. 30 நாள் கடன். ஆக, மே 10, 20, 30 தேதிகளில் மொத்தம் 18 லட்சம் கட்ட வேண்டும். இந்த நூலில் தைத்த சரக்குக்கு ஓர் எக்ஸ்போர்ட் ஹவுஸ் 14 லட்சம் தர வேண்டியிருந்தது. வெளிநாட்டு பையர் ஷிப்மெண்டைத் தள்ளிவைத்ததால் ஜூலை 4ஆம் தேதிதான் பணம் என்று அவர்கள் மெயில் அனுப்பிவிட்டார்கள். உள்நாட்டு ஆர்டர்கள் மட்டும் வழக்கம்போல் ஓடுகின்றன.

அந்த உள்நாட்டு வியாபாரத்தில் வாரம் 5 லட்சத்து 50 ஆயிரம் வசூலாகிறது. சம்பளத்துக்கு 1 லட்சத்து 50 ஆயிரம். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் கூலிக்கு 1 லட்சத்து 10 ஆயிரம். வாடகை, கரண்ட், வங்கித் தவணை, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் வாரக் கணக்காகப் பிரித்தால் 60 ஆயிரம். மிச்சம் 2 லட்சத்து 30 ஆயிரம். பலர் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிட்டு, "வாரம் இரண்டு லட்சம் கட்டிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரத்து ஆர்டருக்கும் நூல் வேண்டும், அதற்கு வாரம் 1 லட்சத்து 50 ஆயிரம் போகும் என்பது அப்போது நினைவில் இருப்பதில்லை. இரண்டாவது தவணையிலேயே வாக்குத் தவறிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

புது நூலையும் கழித்தால் உண்மையில் மிஞ்சுவது வாரம் 80 ஆயிரம். அதையும் முழுதாகச் சொல்லக் கூடாது. ஒரு கடைக்காரர் செக்கை ஒரு வாரம் தள்ளிப்போடுவது மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். 60 ஆயிரம் என்று சொல்லி ஒவ்வொரு வாரமும் தவறாமல் கட்டுகிறவரை மில் நம்பும். 80 ஆயிரம் என்று சொல்லி மூன்றாவது வாரம் 50 ஆயிரம் அனுப்புகிறவரை நம்பாது. தவணை நாளைச் சனிக்கிழமையில் வைக்காமல் புதன்கிழமையில் வைப்பதும் நல்லது. சம்பளமும் தவணையும் ஒரே நாளில் மோதினால் எது தோற்கும் என்பது தெரிந்ததே.

அடுத்து மில்லின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சு வாங்குவதற்கு மில்காரர் பெரும்பாலும் கையில் பணம் வைக்க வேண்டும். அந்தப் பணம் வங்கியின் நடப்பு மூலதனக் கடனிலிருந்து வருகிறது. மாதா மாதம் அவர் தன் வரவேண்டிய பாக்கிப் பட்டியலை வங்கிக்குக் கொடுக்கிறார், அதன் அடிப்படையில்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி நிர்ணயிக்கிறது. பொதுவாக 90 நாளைத் தாண்டிய பில்களை வங்கி அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்முடைய 6 லட்ச ரூபாய் பில் 91ஆவது நாளை எட்டினால், நாம் கட்டாதது ஒரு பக்கம் இருக்க, வங்கியும் அவருக்கு அந்த அளவுக்குப் பணத்தைக் குறைத்துவிடும். அதனால் 18 லட்சம் பாக்கி என்பதைவிட, எந்த பில்லுக்கு எத்தனை நாள் ஆகிறது என்பதே அவருக்கு முக்கியம். இது தெரிந்தவர் தவணைத் திட்டத்தை 90 நாளுக்குள் அடங்கும்படி போடுவார்.

நம் யூனிட்டிடம் தேங்கிக் கிடந்த ஸ்டாக் லாட்டை விற்றால் உடனே 3 லட்சம் கிடைக்கும். அதை மே 9க்குள், அதாவது முதல் டியூவுக்கு முந்தைய நாளே, கட்டிவிட வேண்டும். மே 14 முதல் ஒவ்வொரு புதனும் 60 ஆயிரம், பழைய பில்லுக்கு முதலில். இப்படிப் போனால் முதல் பில் ஜூன் 11இல், 62ஆவது நாளில், தீர்ந்துவிடும். ஜூலை 16க்குள் 10 தவணையில் 6 லட்சம் போயிருக்கும், பாக்கி 9 லட்சம். எக்ஸ்போர்ட் ஹவுஸ் சொன்ன ஜூலை 4க்கு மேல் இரண்டு வாரம் சேர்த்து, ஜூலை 18இல் அந்த 9 லட்சத்தையும் ஒரே தொகையாகக் கட்டுவதாகச் சொல்லலாம். அன்றைக்கு இரண்டாவது பில்லுக்கு 89 நாள், மூன்றாவதுக்கு 79. எந்த பில்லும் 90ஐத் தாண்டாது. வரவேண்டிய 14 லட்சத்தில் 9 லட்சத்தை மட்டுமே வாக்கில் வைப்பதால், டெபிட் நோட் போட்டு எக்ஸ்போர்ட் ஹவுஸ் எதையாவது பிடித்தாலும் திட்டம் கவிழாது.

எக்ஸ்போர்ட் பணம் வரவே இல்லை என்றால்? இந்தக் கேள்வியை மில்காரர் கேட்கும் முன் நாமே பதிலோடு சொல்ல வேண்டும். 60 ஆயிரம் வீதமே தொடர்ந்தால் 9 லட்சத்துக்கு 15 வாரம், அக்டோபர் 29 ஆகிவிடும். அங்கே ஜிஎஸ்டி குறுக்கே வருகிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியில் கட்டாத பகுதிக்கு உரியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஏப்ரல் 30 பில்லுக்கு அந்த 180ஆவது நாள் அக்டோபர் 27. ஆகவே மாற்றுத் திட்டத்தில் 12 வாரம் 70 ஆயிரம், கடைசி வாரம் 60 ஆயிரம் என்று வைத்தால் அக்டோபர் நடுவிலேயே முடிந்துவிடும். கைக்கு இறுக்கமாக இருக்கும், ஆனால் 80 ஆயிரத்துக்குள்தான்.

வட்டியை மறைக்காமல் பேச வேண்டும். பில்லில் 18 அல்லது 24 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். வங்கி வட்டியை ஒட்டி 12 சதவீதம் தருவதாகச் சொன்னால், மேலே சொன்ன முதல் திட்டத்தில் டியூ தாண்டிய நாட்களுக்கு ஏறத்தாழ 21,500 ரூபாய் வரும். 18 லட்சத்துக்கு இது பெரிய தொகை இல்லை. நாமாக முன்வந்து சொல்லும்போது பேச்சின் தன்மையே மாறும்.

பேச்சு ஏஜென்ட்டிடம் தொடங்கும். "நானே மில்லுல சொல்லிக்கிறேனுங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்று அவர் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனாலும் வசூல் அவர் பொறுப்பு என்பதால் விஷயத்தைக் கொஞ்சம் மெழுகித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவரிடம் சொல்லிவிட்டு, மில் முதலாளியிடம் போனில் பேசி, அன்றே எழுத்திலும் அனுப்ப வேண்டும். இப்படி:

"வணக்கம் அண்ணா. காலையில் பேசியபடி எழுதுகிறேன். ஏப்ரல் 10, 20, 30 பில்கள் மூன்றும் சேர்த்து ரூ.18 லட்சம் தர வேண்டும். எக்ஸ்போர்ட் பணம் 14 லட்சம் ஜூலை 4க்குத் தள்ளிப்போய்விட்டது, அவர்கள் மெயிலை இணைத்திருக்கிறேன். மே 9க்குள் 3 லட்சம், மே 14 முதல் புதன்தோறும் 60 ஆயிரம், ஜூலை 18இல் மீதி 9 லட்சம் கட்டுகிறேன். எல்லாம் பழைய பில்லுக்கு முதலில் வரவு வைக்கவும். ஜூலை 18இல் முடியாவிட்டால் அடுத்த புதன் முதல் வாரம் 70 ஆயிரம் வீதம் அக்டோபர் நடுவுக்குள் முடிப்பேன். டியூ தாண்டிய நாட்களுக்கு 12 சதவீத வட்டி தனியாகத் தருகிறேன். புது நூலுக்கு லோடு ஏற்றும் முன்பே முழுப் பணமும் அனுப்புகிறேன், அதைப் பழைய பாக்கியில் சேர்க்காமல் நூல் அனுப்பித் தர வேண்டுகிறேன். சம்மதம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள்."

புது நூல் பற்றிய வரியை விட்டுவிடக் கூடாது. விட்டால் 1 லட்சத்து 50 ஆயிரம் அனுப்பியதும் மில் கணக்காளர் வழக்கப்படி பழைய பில்லில் வரவு வைத்துவிடுவார். பணமும் போய், நூலும் வராமல் நிற்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை பணம் போட்டதும் யுடிஆர் எண்ணோடு "பழைய பாக்கி" அல்லது "புது நூல்" என்று குறிப்பிட்டு அனுப்புவது இதற்காகத்தான்.

"சரி, பார்க்கலாம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் பதில் வராமல், அடுத்த நூல் ரேட்டும் வராமல் இருந்தால் மில் ஒத்துக்கொள்ளவில்லை என்றே பொருள். நேரில் போய் உட்கார வேண்டிய நேரம் அது.

சில மில்கள் முன்தேதியிட்ட செக் கேட்கும். புதன்கிழமைத் தவணைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், அவை நம் சொந்த வசூலில் நிற்பவை. 9 லட்சத்துக்குக் கொடுப்பது வேறு விஷயம், அது இன்னொருவர் பணம் வருவதை நம்பி நிற்பது. செக் திரும்பினால் மில் நோட்டீஸ் அனுப்பும். கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் 138ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரலாம், இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அந்தத் தொகைக்கு எக்ஸ்போர்ட் ஹவுஸின் கடிதத்தைக் கொடுத்து, பணம் வந்த பிறகு செக் தருவதாகச் சொல்லலாம்.

கடைசியாக, பில்லில் உத்யம் எண் இருக்கிறதா என்று பாருங்கள். மில் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்தில் எவ்வளவு நாள் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம். அதற்கு மேல் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி கேட்க மில்லுக்கு உரிமை உண்டு. நட்பில் கேட்காமல் விடலாம், ஆனால் உரிமை போய்விடாது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) விதியும் இதோடு சேரும். இப்படி 45 நாள் தாண்டி, மார்ச் 31 அன்றும் கட்டாமல் நிற்கும் பாக்கியை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. கட்டிய ஆண்டில்தான் காட்டலாம். நம் உதாரணம் அதே நிதியாண்டின் அக்டோபருக்குள் முடிவதால் இந்தச் சிக்கல் இல்லை. இதே பாக்கி ஜனவரியில் வந்திருந்தால், கடைசித் தவணையை மார்ச்சுக்குள் கொண்டுவருவது எப்படி என்றுதான் முதலில் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியிருக்கும்.