'ஜென்யூன்' என்று ஒரே ஒரு வார்த்தை!

சென்ற மாதம் ஒருநாள், மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் மதுரையிலிருக்கும் என் நாத்தனார் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'உங்கள் பான் கார்டு இணைக்கப்படவில்லை. இன்றிரவு கணக்கு முடக்கப்படும். கீழே உள்ள லிங்க்கில் புதுப்பிக்கவும்' என்று பாங்கின் பெயரோடு இங்கிலீஷில் இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியது 'ஜென்யூன்' என்ற ஒரே வார்த்தை. கேள்விக்குறிகூட இல்லை!

உண்மையா என்று கேட்கிறாளா, இல்லை உண்மைதான் என்று சொல்கிறாளா? எனக்குப் புரியவில்லை. அந்தக் கணக்கில் அவள் பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்காகச் சேர்த்த 85,000 ரூபாய் இருப்பது எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருக்காமல் உடனே போன் போட்டேன்.

"எனக்குத் தெரியலைன்னுதானே அண்ணி உங்களுக்கு அனுப்பினேன்" என்றாள்.

அவள் அனுப்பியது செய்தியை மட்டும் எடுத்து ஒட்டிய நகல். யார் அனுப்பினார்கள் என்பது அதில் வராது. கவர் இல்லாத கடிதம் மாதிரி! வார்த்தைகளை மட்டும் படித்து முடிவு செய்ய முடியாது. பாங்கு எழுதுவது போலவே யார் வேண்டுமானாலும் எழுதலாமே! அதனால், "எஸ்.எம்.எஸ். வந்த இடத்துக்குப் போ. மேலே என்ன இருக்குன்னு படி, லிங்க்கைத் தொடாதே" என்றேன்.

பத்து இலக்க மொபைல் நம்பர் இருந்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வலுத்தது. நம் நாட்டில் பாங்குகளின் எஸ்.எம்.எஸ். சாதாரண மொபைல் நம்பரிலிருந்து வராது. எழுத்துக்களால் ஆன பெயரிலிருந்து வரும். 2025-லிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் எழுத்தும் வருகிறது. P என்றால் விளம்பரம், S சேவை, T பணப் பரிவர்த்தனை, G அரசாங்கம்.

அடுத்து, லிங்க்கை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். முதலில் பாங்கு பெயர், பிறகு .bank.in என்று சரியாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒரு சின்னக் கோடு, அப்புறம் kyc, கடைசியில் .top என்று முடிந்தது. https:// என்பதைத் தாண்டி வரும் முதல் சாய்கோடு வரைக்கும்தான் விலாசம். அதன் கடைசிப் பகுதிதான் சொந்தக்காரர் யார் என்று காட்டும். முன்னால் எந்தப் பெயரையும் ஒட்டிவிடலாம். நம் பாங்குகள் .bank.in என்று முடியும் விலாசத்துக்கு மாற ரிசர்வ் பாங்கு 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்திருந்தது. நடுவில் .bank.in இருந்தால் போதாது, அதில் முடியவேண்டும்.

அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள், "அண்ணி, ஒரு தடவை திறந்துட்டேன். பாஸ்வேர்டு கேட்டது, பயந்து மூடிட்டேன்." எனக்குப் பகீரென்றது. நல்லவேளை, எதையும் டைப் செய்யவில்லை, எந்த ஆப்பையும் இறக்கவில்லை. டைப் செய்திருந்தால் அந்த நிமிஷமே பாங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி, பணம் போயிருந்தால் 1930-க்கும் போன் செய்திருக்கவேண்டும்.

ஆனாலும் நான் சொன்னதோடு விடவில்லை. ஏ.டி.எம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் நம்பருக்கு அவளைப் பேசச் சொன்னேன். செய்தியில் இருக்கும் நம்பருக்குப் பேசினால் திருடனிடமே சாட்சி கேட்ட மாதிரிதானே! கணக்கில் ஒரு குறையும் இல்லை, அப்படி எதுவும் அனுப்பவில்லை என்றார்கள்.

மறுவாரம் இன்னொன்று ஒட்டி அனுப்பினாள். '236 ரூபாய் கழிக்கப்பட்டது' என்று இருந்தது. "இதுவும் திருட்டுதானே அண்ணி, அழிச்சிடவா?" என்றாள். அழிக்காதே என்று தடுத்தேன். லிங்க் இல்லை, அவசரப்படுத்தவில்லை, எழுத்துப் பெயரிலிருந்துதான் வந்திருந்தது. அப்படியிருந்தும் நான் உண்மை என்று சொல்லவில்லை. அந்தப் பெயரையும் சில மோசடிக்காரர்கள் போலியாகக் காட்டுகிறார்களாம். பாஸ்புக்கில் வரவு போடச் சொன்னேன். கார்டுக்கு வருஷக் கட்டணம் 200, வரி 36. உண்மைதான்! அழித்திருந்தால், நிஜமாகவே வேறு யாராவது பணம் எடுக்கும்போது வரும் செய்தியையும் பொய்யென்று விட்டிருப்பாள்.

இப்போதெல்லாம் அவள் ஒட்டி அனுப்புவதில்லை. அனுப்பியவர் பெயரும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து அனுப்புகிறாள். கீழே, "அண்ணி, கார்டு நம்பருக்குப் பேசிட்டேன்" என்றும் எழுதுகிறாள். உங்கள் வீட்டிலும் யாராவது 'ஜென்யூன்' என்று மட்டும் அனுப்பினால், பதில் எழுதாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள் தோழிகளே!

- ஒரு வாசகி, திருச்சி.