வாசல் தாண்டாத குட்டிக்குச் சளி பிடித்தது எப்படி?

பீரோவுக்குப் பின்னால் பிறந்த நான்கு குட்டிகள். ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் அந்த அறையை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. வேறு பூனை எதுவும் உள்ளே வந்ததில்லை. ஒருநாள் காலையில் ஒரு குட்டி தும்முகிறது. மறுநாள் அதன் கண்ணில் நீர் வடிகிறது. அதற்கடுத்த நாள் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. ஒரு வாரத்துக்குள் நான்கும் தும்முகின்றன. தாய்ப்பூனை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் படுத்துப் பால் கொடுக்கிறது. பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. பழியை மழை மீதோ, தரைக் குளிர்ச்சி மீதோ போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் காரணம், அந்தப் பால் கொடுக்கும் தாய்தான்.

கேட் ஃப்ளூ என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய்க்கும் நமக்கு வரும் ஃப்ளூவுக்கும் சம்பந்தமில்லை. பூனைகளுக்கே உரிய இரண்டு வைரஸ்கள் இதில் முக்கியம்: ஒன்று பூனை ஹெர்பிஸ், இன்னொன்று கலிசி. ஹெர்பிஸ் ஒருமுறை உடலில் நுழைந்தால் பிறகு போவதே இல்லை. நோய் ஆறியதும் முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. பூனை ஆரோக்கியமாக ஓடியாடும், யாருக்கும் தொற்றாது. ஆனால் உடலுக்கோ மனதுக்கோ ஏதாவது பெரிய அலைக்கழிப்பு வந்தால், சுமார் ஒரு வாரம் கழித்து வைரஸ் விழித்துக்கொண்டு, மூக்கிலும் கண்ணிலும் வாயிலும் கசியத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு வாரம் கசிந்துவிட்டு மீண்டும் ஒளிந்துகொள்ளும். அப்போதும் பூனைக்கு ஒரு தும்மல்கூட வராமல் போகலாம். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, விடுதியில் விடுவது எல்லாம் இந்த அலைக்கழிப்புதான். குட்டி போட்டுப் பாலூட்டுவதும் அப்படியே.

அப்படியானால் பிறந்த உடனேயே குட்டிகளுக்கு வராமல் ஐந்தாவது வாரம் வரை ஏன் காத்திருந்தது? சீம்பால்தான் காரணம். பிறந்த முதல் நாளில் குடிக்கும் அந்தப் பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகிறது. ஆனால் அது கடனாக வந்த காவல். வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே வரும். ஹெர்பிஸுக்கு எதிரான காவல் பல குட்டிகளில் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கரைந்துவிடும், சிலவற்றில் அதற்கும் முன்பே. தாயோ நாள் முழுக்கக் குட்டிகளின் முகத்தை நக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் வைரஸ் கசிவதும் குட்டிகளிடம் காவல் குறைவதும் ஒரே சமயத்தில் நேர்ந்துவிட்டால், இரண்டிலிருந்து ஆறு நாளில் முதல் தும்மல் கேட்கும்.

கலிசி வைரஸின் வழி வேறு. அது ஒளிந்துகொள்வதில்லை. நோயிலிருந்து தேறிய பூனை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதை இடைவிடாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். குட்டியின் நாக்கில் புண் இருந்து எச்சில் ஒழுகினாலோ, அடிபடாமலே இரண்டொரு நாள் நொண்டினாலோ கலிசியைச் சந்தேகிக்கலாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினால் ஹெர்பிஸ் கருவிழியைப் புண்ணாக்கியிருக்கலாம். தும்மல் அதிகமில்லாமல், முதலில் ஒரு கண் மட்டும் சிவந்து, இமைக்குள் சதை வீங்கி, சில நாள் கழித்து அடுத்த கண்ணுக்கும் போனால் அது கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில், வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்; ஒன்றை விட்டுவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

பூனையின் தும்மல் அதிக தூரம் போகாது. ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும். அப்புறம் எப்படிக் கூடத்தில் இருக்கும் பூனைக்கும் வருகிறது? நம் கையில்தான். பீளை துடைத்த விரல், குட்டியை அணைத்த துப்பட்டா, மாறிப்போன சோற்றுக் கிண்ணம். ஹெர்பிஸ் வெளியே ஒரு நாளைக்கு மேல் தாங்குவது அரிது. கலிசி அப்படியல்ல, காய்ந்த இடத்திலும் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சானிடைசருக்கு அது எளிதில் மசியாது. கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவதே நல்லது. கிண்ணத்தையும் மணல் தட்டையும் முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் சாதாரண வீட்டு ப்ளீச் கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். ஃபினாயில், டெட்டால் வகையறாக்களைப் பூனை இருக்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள். அவற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. பாதத்தில் பட்டதை நக்கினாலே நஞ்சு.

நோய் வந்ததும் தும்மும் குட்டியைப் பிரித்துத் தனிப் பெட்டியில் போடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பால்குடிக் குட்டிகள் விஷயத்தில் அது பெரும்பாலும் வீண். மற்ற மூன்றும் அதே தாயிடமிருந்து ஏற்கெனவே வாங்கியிருக்கும்; பிரித்த குட்டிக்குச் சூடும் பாலும் போனதுதான் மிச்சம். தாயையும் குட்டிகளையும் ஒரே கூட்டமாக வைத்து, அந்த அறைக்கும் வீட்டின் மற்றப் பூனைகளுக்கும் நடுவில்தான் கோடு போட வேண்டும். நல்ல பூனைகளுக்கு முதலில் சாப்பாடு, நோயாளி அறைக்குக் கடைசியில். அந்த அறைக்கென்று ஒரு பழைய சட்டையை ஆணியில் மாட்டி வையுங்கள்.

குட்டியைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் அல்ல, பட்டினி. மூக்கு அடைத்த குட்டியால் மூச்சுவிட்டுக்கொண்டே பால் உறிஞ்ச முடியாது. வாசனை தெரியாததால் கஞ்சியையும் மீனையும்கூடத் தொடாது. எனவே வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் ஒரு நாளில் பலமுறை துடைத்துவிடுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. உணவைச் சற்றே சூடாக்கிக் கொடுங்கள், வாசனை எழும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நன்றாக இருக்கும் குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். எடை ஏறாமல் நின்றாலே கவலைப்பட வேண்டும். குறைந்தால் அன்றே டாக்டர். வாய் திறந்து மூச்சுவிடுவது, கண் மங்கலாகத் தெரிவது, அரைநாளாகப் பாலைத் தொடாமல் இருப்பது ஆகியவற்றுக்கும் அப்படியே. கண்ணே திறக்காத பச்சைக் குட்டியின் இமை புடைத்திருந்தால் உள்ளே சீழ் கோத்திருக்கிறது என்று அர்த்தம். கண் தானாகத் திறக்கட்டும் என்று விட்டுவிட்டால் பார்வையே போகலாம்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பாராசிட்டமால் மாத்திரையின் சிறு துண்டும் பூனையைக் கொல்லும். நமக்கு எழுதிக் கொடுத்து மிச்சமான கண் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால், ஹெர்பிஸ் புண்ணை அது ஆழமாக்கிவிடும். ஆன்டிபயாடிக்கூட வைரஸைத் தொடுவதில்லை. சளியில் பின்னால் வந்து குடியேறும் பாக்டீரியாவுக்காகத்தான் டாக்டர் அதைத் தருகிறார்.

தேறிய குட்டியை எட்டாவது, பத்தாவது வாரத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக்குக் கொடுப்போம். புது வீடு என்பதே ஓர் அலைக்கழிப்பு. ஒரு வாரம் கழித்து அது மறுபடி தும்மலாம். வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், தன் பழைய பூனையிடமிருந்து இரண்டு வாரமாவது தனியறையில் வைப்பார். தடுப்பூசி தொற்றையே நிறுத்தாது, நோயின் கடுமையைக் குறைக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த காவல் உள்ளே இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்தக் குட்டியில் எந்த வாரம் அது தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததால்தான் இத்தனை ஊசி.