ஸ்கேன் செய்த கொள்முதல் பில்லைக் கணக்கில் ஏற்றுவது எப்படி?

மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வந்து இறங்கியதும், பில்லைப் பார்த்து ஒவ்வொரு வரியாகக் கொள்முதல் ஏட்டில் எழுதுவதுதான் நம் கடைகளில் நெடுநாள் வழக்கம். இப்போது பல கடைகளில் பில்லை ஸ்கேன் செய்தோ கைபேசியில் படம் எடுத்தோ, எழுத்தறியும் மென்பொருளிடம் கொடுத்து விடுகிறார்கள். ஓ.சி.ஆர். என்று சொல்லப்படும் அந்த மென்பொருள் படத்தில் உள்ள எழுத்தையும் எண்ணையும் அறிந்து கணினிக் கட்டங்களில் இட்டுத் தருகிறது. நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் அது படித்ததைச் சரி பார்க்காமல் பேரேட்டில் ஏற்றுவது ஆபத்து. சரி பார்க்கும் முறை நம் கணக்கப்பிள்ளைகளுக்குத் தெரிந்த பழைய முறையேதான். குறுக்கே பெருக்கிப் பார், நெடுக்கே கூட்டிப் பார் என்பதே அது.

முதலில் படம் நன்றாக இருக்க வேண்டும். ஸ்கேனர் என்றால் 300 டி.பி.ஐ. அளவில் எடுங்கள். கைபேசி என்றால் பில்லை மேசையில் மடிப்பில்லாமல் விரித்து, நேர் மேலிருந்து, கை நிழல் விழாமல் எடுங்கள். ஊசி அச்சுப் பில்லின் கார்பன் நகலைவிட மூலப் பில்லே நன்றாகப் படிக்கப்படும். கையால் எழுதிய மண்டிச் சிட்டையை மென்பொருளிடம் விடாமல், நாமே பார்த்துப் பதிவது நல்லது.

படித்த விவரங்களை இந்த வரிசையில் கட்டங்களில் வையுங்கள்: A பொருள், B விலைக்கு வாங்கிய அளவு, C இலவச அளவு, D விலை, E தள்ளுபடி, F வரிக்கு முந்தைய மதிப்பு. G கட்டத்தில் முதல் சூத்திரமும், F பத்தியின் மொத்தத்துக்குக் கீழே இரண்டாவது சூத்திரமும் வர வேண்டும்.

```
=ROUND(B2*D2-E2-F2,2)
=ROUND(SUM(F2:F5)-F6,2)
```

முதல் சூத்திரத்தை ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். F6 என்பது பில்லில் அச்சாகியிருக்கும் மொத்த மதிப்பு. எல்லாக் கட்டத்திலும் 0 வந்தால் வரிகளும் மொத்தமும் பொருந்துகின்றன என்று அர்த்தம். 0 வராவிட்டால், வந்திருக்கும் தொகையே தவறு எங்கே என்று சொல்லிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மளிகைக் கடைக்கு வந்த ஒரு பில்லில் நான்கு சரக்குகள். சூரியகாந்தி எண்ணெய் 24 பாக்கெட், விலை ரூ.132, மதிப்பு ரூ.3,168. துவரம் பருப்பு ஒரு கிலோ பாக்கெட் 20, விலை ரூ.118, மதிப்பு ரூ.2,360. சலவைத்தூள் 30, விலை ரூ.84, 3 சதவீதத் தள்ளுபடி போக மதிப்பு ரூ.2,444.40. தேயிலை 16, விலை ரூ.96, மதிப்பு ரூ.1,536. ஆக மொத்தம் ரூ.9,508.40.

மென்பொருள் படித்துத் தந்ததில் மூன்று இடங்களில் பிழை. பருப்பின் அளவு 20 என்பதை 26 என்று படித்துவிட்டது. சலவைத்தூளின் தள்ளுபடியை விட்டுவிட்டது. தேயிலையின் 1,536-ஐ 1,586 ஆக்கிவிட்டது. இப்போது G கட்டங்களைப் பாருங்கள்.

எண்ணெய்க்கு 0. பருப்புக்கு 708. இது 118-ன் சரியாக ஆறு மடங்கு, ஆகவே அளவில் ஆறு கூடியிருக்கிறது. சலவைத்தூளுக்கு 75.60. இது 2,520-ல் சரியாக 3 சதவீதம், ஆகவே விட்டுப்போனது தள்ளுபடி. தேயிலைக்கு −50, கீழே மொத்தத்திலும் 50 வித்தியாசம். குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே தொகை இடித்தால் மதிப்புக் கட்டத்தில்தான் தவறு. குறுக்கே மட்டும் இடித்து, அந்த வரியால் கீழ் மொத்தம் மாறாமல் இருந்தால் அளவு, விலை, தள்ளுபடி மூன்றில் ஒன்றில் தவறு.

வித்தியாசத்தின் உருவத்தையும் கவனியுங்கள். மென்பொருள் ஓர் எண்ணை வேறு எண்ணாகப் படித்தால் வித்தியாசம் 3, 50, 200 என்பது போல ஒற்றை எண்ணும் பூஜ்யங்களுமாக வரும். தசமப் புள்ளியை விழுங்கினால் தொகை நூறு மடங்காகும். கையால் பதியும்போது 63-ஐ 36 என்று மாற்றி எழுதினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். இது கணக்கப்பிள்ளைகள் அறிந்த பழைய சோதனை.

பிறகு வரியைப் பார்க்க வேண்டும். எண்ணெய், பருப்பு, தேயிலை மூன்றும் 5 சதவீதம், மதிப்பு ரூ.7,064, வரி ரூ.353.20. சலவைத்தூள் 18 சதவீதம்; மத்திய, மாநிலப் பங்கு ஒவ்வொன்றும் ரூ.220, ஆக ரூ.440. எல்லாம் சேர்த்து ரூ.10,301.60. பைசா சரிக்கட்டல் 40 பைசா சேர்த்துப் பில் தொகை ரூ.10,302. இந்த 40 பைசாவை மென்பொருள் விட்டுவிடுவது சகஜம். வித்தியாசம் ஒரு ரூபாய்க்குள் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

கூட்டல் பெருக்கலில் அகப்படாத தவறுகளும் உண்டு. எண்ணெய்க்கு 24+2 என்று இரண்டு பாக்கெட் இலவசம் போட்டிருந்து, மென்பொருள் 24 மட்டும் படித்தால் தொகை எல்லாம் பொருந்தும். இருப்பில் மட்டும் இரண்டு கணக்கில் வராது. ஆகவே இலவச அளவைக் கண்ணால் பார்த்தே பதிய வேண்டும்.

பில் எண், தேதி, ஜி.எஸ்.டி. எண் ஆகியவையும் இப்படித்தான். ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அதில் முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து. எழுத்து வர வேண்டிய இடத்தில் பூஜ்யமோ, எண் வர வேண்டிய இடத்தில் எஸ் என்ற எழுத்தோ நின்றால் அது படித்த பிழை. பில் எண்ணோ ஜி.எஸ்.டி. எண்ணோ தவறினால், மாதம் பிறந்து GSTR-2B-யுடன் ஒத்துப் பார்க்கும்போது அந்தப் பில் பொருந்தாது. உள்ளீட்டு வரி வரவும் தாமதப்படும். இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர்களுக்கு உள்ளீட்டு வரி கிடையாது. ஆனாலும் இருப்பும் பாக்கியும் சரியாக இருக்க இதே சோதனை தேவை.

மேலே சொன்ன 26 அப்படியே ஏறியிருந்தால் என்ன ஆகும்? ஏட்டில் பருப்பு ஆறு பாக்கெட் கூடுதலாக நிற்கும். இருப்பு எடுக்கும் நாளில் அலமாரியில் ஆறு குறையும். விலைக்கு ரூ.708 போனது யாரால் என்ற கேள்வி எழும். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் கடையில் வேலை செய்யும் பையன் மேல்தான் விழும். பையன் எடுக்கவில்லை, பாக்கெட்டே வரவில்லை. குறை தெரிந்தவுடன் ஆளைக் கேட்கும் முன்பு, பில்லை எடுத்து அந்த வரியைப் பெருக்கிப் பாருங்கள்.

சூத்திரம் 0 காட்டாதபோது மூலப் பில்லையும் ஒரு முறை பாருங்கள். சில சமயம் மென்பொருள் சரியாகப் படித்திருக்கும், பில் போட்டவர் கூட்டல்தான் தவறாக இருக்கும். அப்படியானால் நாம் திருத்தி எழுதிவிடாமல், சப்ளையரிடம் சொல்லித் திருத்தம் வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வெப்ப அச்சுப் பில்கள் சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் பில்களையும், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடுநாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே சரக்கு இறங்கிய அன்றே படம் எடுத்து, பில் எண்ணையும் தேதியையும் கோப்பின் பெயராக வைத்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.