நிலவின் மறுபக்கம் ஏன் தெரிவதில்லை?

நிலவு தன் அச்சில் ஒரு முறை சுழல எடுக்கும் காலமும், பூமியை ஒரு முறை சுற்றிவர எடுக்கும் காலமும் ஒன்றே: ஏறக்குறைய 27.3 நாள். அதனால்தான் அதன் ஒரே முகம் எப்போதும் பூமியை நோக்கி இருக்கிறது. நிலவு சுழலுவதே இல்லை என்று பலர் நினைப்பது தவறு. கோயில் பிரகாரத்தை வலம் வருபவரின் வலத்தோள் எப்போதும் கருவறைப் பக்கமே இருக்கும். ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் அவர் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என நான்கு திசைகளையும் பார்த்துவிடுகிறார். அதாவது, தம்மைத் தாமே ஒரு முறை சுற்றிவிடுகிறார்.

இரண்டு காலங்களும் இப்படிப் பொருந்தியது தற்செயல் அல்ல. தோன்றிய காலத்தில் நிலவு பூமிக்கு மிக அருகில் இருந்தது, இன்றைவிட வேகமாகச் சுழன்றது. பூமியின் ஈர்ப்பு நிலவின் அருகுப் பக்கத்தைக் கூடுதலாகவும், தொலைவுப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டால் நிலவு இருபுறமும் சற்றுப் புடைத்து நீண்டது. பாறை உடனுக்குடன் வளைந்து கொடுக்காது. ஆகவே புடைப்பு பூமிக்கு நேராக நிற்காமல், சுழற்சியோடு சிறிது முன்னே நகர்ந்து நின்றது. அந்த முன்தள்ளிய புடைப்பைப் பூமி பின்னோக்கி இழுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த இழுப்பு சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. உராய்வில் ஆற்றல் வெப்பமாக வெளியேறியது. சுழலும் காலமும் சுற்றும் காலமும் சமமானபோது புடைப்பு பூமிக்கு நேரே வந்து நின்றது, வேகத்தைக் குறைக்கும் இழுப்பும் இல்லாமல் போனது. சற்று விலகினாலும் பூமியின் ஈர்ப்பே அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். இதை ஓதப் பூட்டு எனலாம்.

ஆனாலும் நிலவின் முகம் அசையாமல் இருப்பதில்லை. அதன் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும், விலகும்போது மெதுவாகவும் செல்கிறது. சுழற்சியோ ஒரே சீராக நடக்கிறது. ஆகவே சுழற்சி சில நாள் பாதைக்குப் பிந்தியும் சில நாள் முந்தியும் போக, நிலவு பக்கவாட்டில் ஏறக்குறைய 8 பாகை வரை முகம் திருப்புவதாகத் தெரிகிறது. நிலவின் அச்சும் பாதைக்குச் சரிசெங்குத்தாக இல்லாததால் மேலும் கீழும் ஒரு தலையாட்டல் உண்டு.

இந்த அசைவை ஒரு சிறிய பைனாகுலர் இருந்தாலே கண்டுகொள்ளலாம். வளர்பிறையின் நான்காம், ஐந்தாம் நாளில் நிலவின் ஒளிவிளிம்புக்கு அருகே மாரே கிரிசியம் என்ற கருமையான நீள்வட்டச் சமவெளி தெரியும். சில மாத இடைவெளியில் அதைப் பார்த்து வரைந்துவைத்தால், விளிம்புக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு முறை அகன்றும் மறுமுறை ஒடுங்கியும் இருப்பது புலப்படும்.

இந்த ஆட்டத்தால் பூமியிலிருந்து காலப்போக்கில் நிலவின் 59 சதவீதத்தைப் பார்க்க முடிகிறது. மீதி 41 சதவீதம் இருண்டதல்ல, அங்கும் இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவுதான். அதை மனிதர் முதலில் அறிந்தது 1959 அக்டோபரில், சோவியத் விண்கலம் லூனா 3 அனுப்பிய மங்கலான படங்களில். நாம் காணும் முகத்தில் பரந்து கிடக்கும் கருஞ்சமவெளிகள் அங்கே மிகக் குறைவு.